ஆர்டர் தராத கடைகளும் அறிக்கையில் வரட்டும்

எம்.பி.ஏ. மாணவர்களின் இன்டர்ன்ஷிப் அறிக்கைகளைத் திருத்தும் பேராசிரியர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம். "இந்த வாரம் வாடிக்கையாளர்களுடன் பழகும் முறையையும் நேர மேலாண்மையையும் கற்றுக்கொண்டேன்." இதை மசாலாக் கம்பெனியில் பயிற்சி பெற்றவரும் எழுதலாம், வங்கியில் பெற்றவரும் எழுதலாம். முதல் வாரத்திலும் பொருந்தும், ஆறாவது வாரத்திலும் பொருந்தும். எங்கே வைத்தாலும் பொருந்துகிற வாக்கியத்துக்கு அறிக்கையில் வேலை இல்லை.

இப்படி எழுத நேர்வதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. வாரக் கடைசியில் உட்கார்ந்து யோசிக்கும்போது கையில் பதிவு எதுவும் இருப்பதில்லை. நினைவில் தங்குவது களைப்பும் பாராட்டும் திட்டும்தான். ஆகவே எதைக் குறித்து வைக்க வேண்டும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மதுரையில் மசாலாப் பொடி விற்கும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஒரு மாணவி பயிற்சிக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேல்ஸ்மேனுடன் மளிகைக் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுப்பதும், தட்டில் எந்தப் பாக்கெட் இருக்கிறது என்று பார்ப்பதும் அவர் வேலை. ஒரு நாளில் போகவேண்டிய கடைகளின் வரிசைக்கு விற்பனைத் துறையில் 'பீட்' என்று பெயர். மூன்றாவது வாரத்தில் அவர் மூன்று பீட்களில் தலா 20 கடைகள், மொத்தம் 60 கடைகள் ஏறி இறங்குகிறார். 27 கடைகளில் ஆர்டர் கிடைக்கிறது.

"27 ஆர்டர் எடுத்தேன்" என்று மட்டும் எழுதினால் அது பாதிப் பதிவு. எத்தனை கடையில் 27 என்பது பக்கத்திலேயே இருக்க வேண்டும். அறுபதில் 27 என்றால் 45 சதவீதம். முப்பதில் 27 என்றால் கதையே வேறு. இதோடு நான்கு விவரங்கள் சேர்ந்தால் பதிவு முழுமையாகிவிடும்: எந்தப் பீட், எத்தனை மணிக்குப் போனது, ஆர்டர் தராத கடை சொன்ன காரணம், அந்தக் காரணத்தைச் சொன்னவர் முதலாளியா, கடைப் பையனா. காரணத்தை முடிந்தவரை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுவது நல்லது. "முதலாளி சாப்பிடப் போயிருக்காரு, அப்புறம் வாங்கக்கா" என்பதை "ஆர்வம் இல்லை" என்று சுருக்கிவிட்டால், பிறகு எத்தனை யோசித்தாலும் உண்மை திரும்பி வராது. போக வேண்டிய பட்டியலில் இருந்தும் போகாத கடைகளையும் எழுத வேண்டும். கூட்டம் அதிகமாக இருந்ததால் கூச்சப்பட்டுத் தவிர்த்த கடையாக இருந்தாலும் சரி. நல்ல வியாபாரம் நடக்கும் கடைகள் மட்டும் விடுபட்டுப்போனால் மொத்தச் சதவீதமும் சாய்ந்துவிடும்.

இதையெல்லாம் அன்றன்று மாலையே எழுதிவிட வேண்டும். இருபது கடைக்குச் சிறு வரிகள் என்றால் பெரிய வேலையில்லை. சனிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டால் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே காரணத்தைச் சொன்னதாகத் தோன்றும்.

இனி யோசிக்கும் பகுதி. நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுத எத்தனையோ முறைகள் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த சுழற்சியில் ஆறு படிகள். அமெரிக்கக் கல்வியாளர் டெரி போர்ட்டன் 1970இல் முன்வைத்தவை மூன்றே கேள்விகள்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன? வார அறிக்கைக்கு இந்த மூன்றே தாராளம். பெரும்பாலான மாணவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள், அல்லது இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதற்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் கேள்வியில்தான் அறிக்கையின் மதிப்பு இருக்கிறது.

நம் மாணவி 27ஐப் பீட் வாரியாகப் பிரிக்கிறார். முதல் பீட்டில் 13, இரண்டாவதில் 9, மூன்றாவதில் 5. "மூன்றாவது பகுதியில் நம் பிராண்டு அவ்வளவாகத் தெரியவில்லை" என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றும் விளக்கம். அதையும் தேதியோடு எழுதி வைக்கிறார். பிறகு நேரம் எழுதிய பத்தியைப் பார்க்கிறார். முதல் பீட்டுக்குக் காலை பத்து மணிக்குப் போயிருக்கிறார். மூன்றாவதற்குப் பகல் ஒன்றரை மணிக்கு மேல். மூன்றாவது பீட்டில் ஆர்டர் தராத 15 கடைகளில் 8 கடைகள் சொன்ன காரணம், முதலாளி இல்லை என்பது. முதல் பீட்டில் அப்படிச் சொன்னது ஒரே ஒரு கடை. பிராண்டு தெரியாதது காரணமா, போன நேரம் காரணமா?

நான்காவது வாரம் சேல்ஸ்மேனிடம் கேட்டு முதல் பீட்டையும் மூன்றாவதையும் நேரம் மாற்றிப் போகிறார்கள். மூன்றாவது பீட்டில் ஆர்டர் ஐந்திலிருந்து பத்தாகிறது. முதல் பீட்டில் பதின்மூன்று ஒன்பதாகக் குறைகிறது. இங்கேயே "நேரம்தான் காரணம் என்று நிரூபித்தேன்" என்று எழுதக் கை துடிக்கும். எழுதக் கூடாது. அந்த வாரம்தான் கம்பெனி பன்னிரண்டு பாக்கெட்டுக்கு ஒன்று இலவசம் என்று ஸ்கீம் விட்டிருந்தது. நேரம் மாறாத இரண்டாவது பீட்டிலும் ஒன்பது பதினொன்றாகியிருக்கிறது. ஆகவே மூன்றாவது பீட்டின் ஏற்றத்தில் ஸ்கீமுக்கும் பங்கு இருக்கலாம். முதல் பீட்டு கடைகள் போன வாரமே சரக்கு வாங்கிவிட்டதால் இந்த வாரம் வேண்டாம் என்றும் இருக்கலாம்.

முடிச்சை அவிழ்ப்பது காரணம் எழுதிய பத்திதான். 'முதலாளி இல்லை' என்ற பதில் மூன்றாவது பீட்டில் எட்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. முதல் பீட்டில் ஒன்றிலிருந்து ஆறாகியிருக்கிறது. அங்கே 'ஸ்டாக் இருக்கு' என்றவை மூன்று கடைகள். இப்போது அவர் எழுதக்கூடியது இது: மதியம் போனால் ஆர்டர் சொல்லும் ஆள் கடையில் இல்லாமல் போவது அதிகம், ஸ்கீமும் கொஞ்சம் உதவியிருக்கலாம், இருபது இருபது கடைகளை வைத்து இரண்டு வாரத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது. பிராண்டு பற்றிய தன் முதல் விளக்கத்துக்கு இந்தப் பதிவில் ஆதாரம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறார். இதுதான் சிந்தனை. 'இனி என்ன' என்பதற்குப் பதிலும் தானாக வருகிறது: ஐந்தாவது வாரம் மதியப் பீட்டுக்குக் கிளம்பும் முன் முதலாளிகளுக்குப் போன் செய்து, எப்போது இருப்பார்கள் என்று கேட்டுப் பார்ப்பது.

கடைக்குப் போகாமல் இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்க்கும் மாணவருக்கும் இதே கணக்குதான். எத்தனை பேர் பார்த்ததில் எத்தனை பேர் தொட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் விசாரித்தார்கள், அந்த வாரம் படமோ தொகையோ மாறியதா என்பவற்றை எழுத வேண்டும். திரையில் தெரியும் எண் பிறகு மாறும். அன்றே தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை அவசியம். கடைக்காரர்களின் பெயர், போன் எண், ஒவ்வொரு கடைக்கும் கம்பெனி தரும் மார்ஜின் ஆகியவை கல்லூரிக்குப் போகும் அறிக்கையில் வரக்கூடாது. 'கடை 14' என்று எண் கொடுத்தால் போதும். தனிப்பட்ட தகவல்களைக் காக்க இந்தியாவில் 2023இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. எந்த விற்பனை எண்களை வெளியே காட்டலாம் என்பதைக் கடைசி நாளில் கேட்காமல், முதல் வாரமே வழிகாட்டும் மேலாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வாரப் பக்கத்தில் சனிக்கிழமையே மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காய்ச்சலிலோ பண்டிகை விடுமுறையிலோ ஒரு வாரம் விட்டுப்போனால் ஊகித்து நிரப்ப வேண்டாம். 'இந்த வாரம் பதிவு இல்லை' என்று ஒரு வரி எழுதி, அடுத்த வாரத்துக்குப் போய்விடுங்கள்.