நரம்புக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர்?

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல் விழுந்து பல ஆண்டுகள் ஆன ஒருவருக்கு இம்பிளான்ட் வைக்க வேண்டும் என்று கொள்வோம். தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதில்தான் செல்கிறது. துளையிடும் கருவி அதைத் தொட்டால் உதடு மாதக்கணக்கில் மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமாகவே.

சாதாரண ஓபிஜி எக்ஸ்ரே உருவத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும். எலும்பின் அகலத்தைக் காட்டவே காட்டாது. கோன் பீம் ஸ்கேனில் தாடையை ரொட்டித் துண்டுபோல் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். இவருக்கு எலும்பின் உச்சியிலிருந்து கால்வாயின் கூரை வரை 12 மி.மீ. ஆனால் உச்சியில் 1 மி.மீ. கத்திமுனைபோல் மெலிந்திருப்பதால் அதைச் சீவிவிட வேண்டும். மிச்சம் 11. பாதுகாப்புக்கு 2 மி.மீ. விட்டால் 9. துளைக்கருவியின் நுனி இம்பிளான்டைவிடச் சற்று ஆழம் போகும் என்பதால் 8 மி.மீ. நீளமே சரி.

கால்வாயின் சுவர் சிலருக்கு மங்கலாகவே தெரியும். அப்போது நரம்பு வெளியேறும் துவாரத்திலிருந்து பின்னோக்கி, துண்டு துண்டாகத் தேடிக் குறிக்க வேண்டும். எடுக்கும்போது தலை அசைந்திருந்தால் எலும்பின் ஓரம் இரட்டைக் கோடாக விழும். அந்தப் படத்தில் அளக்கவே கூடாது.