கருப்பு எவ்வளவு கருப்பு?

2020-ல் வந்த 'ஓரி அண்ட் த வில் ஆஃப் த விஸ்ப்ஸ்' ஆட்டத்தில், இருண்ட காட்டுக்குள் வெண்ணிறமாக ஒளிரும் சின்னஞ்சிறு உயிர் ஒன்று தாவித் தாவிப் போகும். பெட்டியில் 'HDR' என்று அச்சடித்த இரண்டு மானிட்டர்களில் இதை அருகருகே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் ஓரி தீப்பொறிபோலக் கண்ணைப் பறிக்கும், காடு மைபோல் இருண்டிருக்கும். இன்னொன்றில் ஓரியும் வெளுத்து, காடும் சாம்பல் பூத்துக் கிடக்கும். முத்திரை ஒன்றுதான் என்றாலும், முத்திரைக்குப் பின்னால் திரை வெளிச்சத்தைக் கையாளும் விதம் வேறு.

திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பு ஏறக்குறைய ஒரு மெழுகுவத்தி அளவு ஒளி விட்டால் அது ஒரு நிட். இரவில் கண் உறுத்தாமல் வேலை பார்க்க 100 நிட்ஸ் தாராளம். ஹெச்டிஆர் படத்தில் சுவரும் முகமும் அதை ஒட்டிய பிரகாசத்தில்தான் இருக்கும். சூரியன், வெடிப்பு, வாள் முனையின் பளபளப்பு போன்ற சில இடங்கள் மட்டும் பல மடங்கு எகிறும். அவை எகிறும்போது பக்கத்திலுள்ள இருட்டு இருட்டாகவே நிற்க வேண்டும். மலிவான மானிட்டர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

பெரும்பாலான மானிட்டர்களில் இருப்பது ஐபிஎஸ் பேனல். இதில் பிக்சல்கள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு பேக்லைட் எந்நேரமும் எரிய, பிக்சல்கள் கதவுபோல அதை மறைக்கின்றன. கதவு முழுக்கச் சாத்தினாலும் இடுக்கு வழியே ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி கசியும். 100 நிட்ஸில் ஓடும்போது கருப்பு 0.1 நிட். அதே திரையை 400 நிட்ஸுக்கு ஏற்றினால் கருப்பும் 0.4-க்கு ஏறிவிடும். ஓரியை ஒளிர வைக்கப்போய்க் காட்டையும் சேர்த்து வெளுக்க வைத்த கதை இதுதான். வெசா அமைப்பு 2017 டிசம்பரில் கொண்டுவந்த தரச்சான்றில் கடைசிப் படியான 'DisplayHDR 400' பகுதி பகுதியாக ஒளியைக் குறைக்கும் வசதியைக் கட்டாயமாக்கவில்லை. அந்த முத்திரையை மட்டும் நம்பி ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. விஏ பேனலில் கசிவு ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் இருண்ட நிறத்திலிருந்து அடுத்த இருண்ட நிறத்துக்கு மாற அதன் பிக்சல்கள் தாமதிப்பதால், இருட்டுக் காட்சியில் வேகமாகத் திரும்பும்போது கரி இழுவியதுபோலத் தெரியும்.

கசிவைத் தடுக்க ஒரு வழி, பேக்லைட்டையே துண்டு துண்டாகப் பிரிப்பது. மினி எல்இடி என்று விற்பது இதைத்தான். ஏஓசி நிறுவனம் 2023-ல் 27 அங்குல விஏ மானிட்டர் ஒன்றை அமெரிக்காவில் 280 டாலருக்கு இறக்கியது. 336 பகுதிகளாகப் பிரித்த பேக்லைட், 1000 நிட்ஸைத் தாண்டும் பிரகாசம். அந்த விலைக்கு அதுவரை யாரும் எதிர்பார்க்காத சரக்கு. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரையில் 2560-க்கு 1440 பிக்சல்கள், அதாவது சுமார் 37 லட்சம். 336-ஆல் வகுத்தால் ஒரு பகுதிக்கு ஏறக்குறைய 11,000 பிக்சல்கள் வரும். நட்சத்திரம் ஒன்றுக்குப் பத்துப் பிக்சல் போதும், ஆனால் அதற்காக 11,000 பிக்சலுக்கும் சேர்த்து விளக்கு எரிய வேண்டும். அதனால் நட்சத்திரத்தைச் சுற்றி மங்கிய ஒளிவட்டம் தெரியும். இதைத் தவிர்க்கச் சில திரைகள் நட்சத்திரத்தையே மங்கலாக்கிவிடும்.

ஓஎல்இடியில் இந்தச் சிக்கலே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே விளக்கு. கருப்பு வேண்டுமென்றால் அந்தப் பிக்சல் அணைந்துவிடும், அவ்வளவுதான். ஏலியன்வேர் 2022-ல் 34 அங்குல க்யூடி-ஓஎல்இடி மானிட்டரை 1,300 டாலருக்குக் கொண்டுவந்தபோது, கேமிங் உலகம் அதைக் கொண்டாடியதற்கு இந்தக் கருப்புதான் காரணம்.

அதே மானிட்டர் பிரகாசத்தைப் பற்றி ஒரு பாடமும் சொல்லிக்கொடுத்தது. விளம்பரத்தில் போட்ட 1000 நிட்ஸ் பொய்யில்லை. ஆனால் அது திரையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுள்ள சின்னக் கட்டத்துக்கு மட்டும். திரை முழுக்க வெள்ளையானால் 250 நிட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். எல்லாப் பிக்சலும் ஒரே சமயத்தில் உச்சத்தில் எரிந்தால் மின்சாரமும் சூடும் தாங்காது என்பதால் மானிட்டர் தானாகவே அடக்கிவிடுகிறது. அதில் இரண்டு ஹெச்டிஆர் அமைப்புகள் இருந்தன. 1000 நிட்ஸ் அமைப்பில் விண்மீன்களும் தெருவிளக்குகளும் ஜொலித்தன, ஆனால் பட்டப்பகல் பனிமலைக் காட்சி மங்கியது. 400 நிட்ஸ் அமைப்பில் அதே பனிமலை கூடுதல் வெளிச்சமாகத் தெரிந்தது. பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தவருக்குப் படம் மங்கலாகக் கிடைத்தது! அதனால் விமர்சனங்களைப் படிக்கும்போது உச்ச நிட்ஸைவிட, திரையில் கால் பங்கும் முழுப் பங்கும் வெள்ளையாக இருக்கும்போது எவ்வளவு என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

இனி மானிட்டர் இருக்கும் அறை. இதைப் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. டியூப் லைட் எரியும் அறையில் திரையின் மேல் 200 லக்ஸ் ஒளி விழுகிறது, அதில் நூற்றில் ஒரு பங்கைத் திரை சிதறடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி சுமார் 0.6 நிட் வெளிச்சம் திரையின் மேல் படர்ந்துவிடும். இருட்டறையில் ஓஎல்இடியின் கருப்பு பூஜ்யம், 400 நிட்ஸில் ஓடும் ஐபிஎஸ்ஸின் கருப்பு 0.4. விளக்கைப் போட்டதும் ஒன்று 0.6, மற்றொன்று 1. எட்டாத தூரத்தில் இருந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்குள் சுருங்கிவிட்டது. போதாக்குறைக்கு, க்யூடி-ஓஎல்இடி திரைகளில் வெளியொளியை விழுங்கும் போலரைசர் தாள் இல்லாததால், வெளிச்சத்தில் அவற்றின் கருப்பு லேசாக ஊதா பாய்ந்து தெரியும். பகலில் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து விளையாடுபவர் ஆழ்ந்த கருப்புக்குக் கொடுக்கும் பணம் வீண். இரவில் விளக்கை அணைத்துக் கதையுள்ள ஆட்டங்களை விளையாடுபவருக்கு அதே பணம் ஒவ்வொரு காட்சியிலும் திரும்பி வரும்.

அதே திரையில் பகலெல்லாம் அலுவலக வேலையும் நடக்கும் என்றால் யோசிக்க வேண்டும். ஓஎல்இடியில் அசையாமல் நிற்கும் டாஸ்க்பாரும், ஆட்டத்தின் ஓரத்து வரைபடமும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால், அந்தப் பிக்சல்கள் மற்றவற்றுக்கு முன்பே தேய்ந்து தழும்பு விழும். ஏலியன்வேர் மூன்று ஆண்டு உத்தரவாதத்தில் இதையும் சேர்த்தது. எந்த நிறுவனமானாலும் உத்தரவாதத்தில் 'பர்ன்-இன்' என்ற சொல் இருக்கிறதா என்று வாங்குமுன் எழுத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

கடையில் வைத்துச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டெஸ்க்டாப் பின்னணியை முழுக் கருப்பாக்கி, ஐகான்களை மறைத்து, விண்டோஸில் Win + Alt + B அழுத்தி ஹெச்டிஆரைப் போட்டு, மவுஸின் வெள்ளை அம்புக்குறியை மெல்ல நகர்த்திப் பார்க்கலாம். திரை முழுக்கச் சாம்பலாக வெளுத்தால் அது பெயரளவு ஹெச்டிஆர். அம்புக்குறியோடு ஒரு மங்கிய ஒளித்திட்டு கூடவே நகர்ந்தால் மினி எல்இடி, திட்டு எவ்வளவு பெரிதோ பகுதிகள் அவ்வளவு குறைவு. அம்புக்குறி மட்டும் தெரிந்தால் ஓஎல்இடி. கடையின் விளக்கு வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படவில்லையென்றால், திரையின் மேல் கையைக் குடைபோலக் கவித்துப் பார்க்க வேண்டும்.