பிரிந்த பிறகும் ஏன் நட்பு?

"பிரிஞ்சாலும் நாம ஃப்ரெண்ட்ஸா இருக்கலாம்" என்று ஒருவர் சொல்கிறார். மற்றவரும் தலையாட்டுகிறார். இருவர் மனதிலும் இருப்பது ஒரே காரணம்தானா?

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபெக்கா கிரிஃபித், ஓம்ரி கிலத் உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் காரணங்களை நான்காகப் பிரித்தது. மனதுக்குப் பழகிய ஆறுதலையும் நம்பிக்கையையும் இழக்க விரும்பாதது ஒன்று. ஒரே அலுவலகம், பணம், பிள்ளைகள் போன்ற நடைமுறைத் தேவை இன்னொன்று. மனம் நோகக் கூடாது, பகை வேண்டாம் என்ற பண்பு மூன்றாவது. நான்காவது, இன்னும் அணையாத காதல். முதல் இரண்டு காரணங்களுக்காக நீடித்த நட்புகளில் நல்ல விளைவுகள் அதிகம் தெரிந்தன. அணையாத காதலுக்காக நீடித்தவற்றில் கசப்பே மிஞ்சியது.

ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவளுக்கு வேண்டியது, மீட்டிங்கில் முகம் பார்த்துப் பேசும் அளவுக்கு ஒரு சுமுகம். அவனோ, பேசிக்கொண்டே இருந்தால் ஒருநாள் மனம் மாறுவாள் என்று காத்திருக்கிறான். அவள் அனுப்பும் "சாப்டியா?" அவளுக்கு வெறும் விசாரிப்பு, அவனுக்கு அன்றிரவு முழுக்க நம்பிக்கை. இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனாலும் அடிபடுவது அவன்தான்.

டேவிட் ஸ்பாரா, ராபர்ட் எமரி இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்துகிறது. சமீபத்தில் காதல் முறிந்த 58 இளைஞர்கள் நான்கு வாரம் தினமும் தங்கள் மனநிலையைக் குறித்து வைத்தார்கள். முன்னாள் துணையோடு தொடர்பில் இருந்தவர்களுக்குக் காதலும் துக்கமும் மெதுவாகத்தான் குறைந்தன. காதல் குறையாததால்தான் அவர்கள் பேசினார்களோ என்ற கேள்வி எழலாம், நியாயமான கேள்விதான். எப்படியானாலும், புண் ஆறாத முதல் சில மாதங்களுக்கு விலகியிருப்பதே நல்லது என்பது என் கருத்து. அலுவலக விஷயத்தை மட்டும் அலுவலக நேரத்தில் பேசிக்கொள்ளலாம். பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பற்றி மட்டும்.

உங்கள் காரணம் எதுவென்று தெரியவில்லையா? அவருக்கு வேறொருவரோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நாளை அவரே போனில் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். லேசாக வலித்தாலும் வாழ்த்த முடிந்தால் நட்புக்கு இடமுண்டு. வயிற்றைப் பிசைந்தால் இன்னும் காலம் ஆகவில்லை.

எதிராளியின் காரணத்தையும் பார்க்க வேண்டும். ஜஸ்டின் மொகில்ஸ்கி, லிசா வெல்லிங் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பிறரைத் தன் வசதிக்கு வளைக்கும் குணம் மிகுந்தவர்கள் இத்தகைய நட்பில் லாபத்துக்கும் உடலுறவு வாய்ப்புக்கும் கூடுதல் முக்கியத்துவம் தந்தார்கள். காதலித்த காலத்திலேயே மிரட்டியவர், போனை வாங்கிச் சோதித்தவர், பழைய புகைப்படங்களைக் காட்டிப் பயமுறுத்தியவர் "ஃப்ரெண்ட்ஸா இருக்கலாம்" என்றால் மறுத்துவிடுங்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.