ஒரு வேளை மருந்தா, ஐந்து நாள் மருந்தா? குழந்தைகளின் மூச்சுத் திணறலில் ஸ்டீராய்டு கணக்கு

ராயபுரத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. எடை 11 கிலோ. மாலைவரை லேசான மூக்கொழுகல்தான். நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து, நாய் குரைப்பதைப் போல இருமுகிறது. குரல் கம்மிவிட்டது. அழும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுக்கையில் கரகரவென்று சத்தம் வருகிறது. அதே இரவில் எண்ணூரில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, 20 கிலோ. இரண்டு நாள் சளிக்குப் பிறகு இழுப்பு வந்துவிட்டது. மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம். நான்கு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. இருவரையும் ஒரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறியவனுக்கு ஒரே ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, சில மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிறுமிக்கு நெபுலைசேஷன் வைத்து, ஐந்து நாளைக்குப் பிரெட்னிசோலோன் எழுதித் தருகிறார்கள்.

இரண்டும் ஸ்டீராய்டுதான். ஒரு தாய்க்கு, "ஒரு வேளை மருந்து போதுமா, நாளைக்கு ராத்திரி மறுபடி வந்தால்?" என்று பயம். இன்னொரு தாய்க்கு, "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஐந்து நாள் ஸ்டீராய்டா?" என்று பயம். இரண்டு பேரும் கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார்கள்.

சிறியவனுக்கு வந்திருப்பது குரூப். கக்குவான் இருமல் வேறு, இது வேறு. பாராஇன்ஃப்ளுயன்சா போன்ற வைரஸ்கள் குரல்வளையையும் அதற்குக் கீழே மூச்சுக்குழாயின் மேல்பகுதியையும் வீங்க வைப்பதுதான் குரூப். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் வரும். அந்த வயதில் அந்த இடமே குறுகலானது. ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலும் பாதை பெருமளவு அடைபடும். வீக்கம் கடுமையாக இருப்பது முதல் இரண்டு இரவுகளில்தான். அதன் பிறகு தானாகவே வடியத் தொடங்கும். டெக்ஸாமெத்தசோனின் வேலை உடம்பில் 36 முதல் 72 மணி நேரம்வரை நீடிக்கும். நோயின் மோசமான காலமும் மருந்தின் காலமும் ஏறக்குறைய ஒன்றாகப் பொருந்திப்போகின்றன. ஒரே வேளை போதுமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் குழந்தைக்கு ஒரு வேளைதான் கொடுத்தார்கள். ஆனால் மருந்து வேலை செய்வதோ இரண்டு மூன்று நாள்.

இது ஊகம் இல்லை. கனடாவில் லேசான குரூப் உள்ள 720 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களில் 7.3 சதவீதத்தினர்தான் திரும்ப மருத்துவரிடம் வர வேண்டியிருந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் அது 15.3 சதவீதம். லேசான குரூப்புக்குக்கூட மருந்து பயன் தரும் என்பதை அந்த ஆய்வு உறுதிப்படுத்தியது.

எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் மருத்துவர்களிடையே இரண்டு வழக்கங்கள் உண்டு. பழைய அளவு, கிலோவுக்கு 0.6 மில்லிகிராம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்கள் 1990களிலேயே கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் போதும் என்று காட்டினார்கள். அதே நகரத்தில் 1,252 குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வும் குறைந்த அளவு பின்தங்கிவிடவில்லை என்றே சொன்னது. நம் 11 கிலோ குழந்தைக்குக் கணக்குப் போட்டால், பெரிய அளவு 6.6 மில்லிகிராம், சின்ன அளவு 1.65 மில்லிகிராம். லேசான, நடுத்தரக் குரூப்புக்கு இரண்டில் எதைக் கொடுத்தாலும் தவறில்லை. கடுமையாக இருந்தால் பலரும் 0.6ஐயே தேர்ந்தெடுக்கிறார்கள்.

குழந்தைக்கு விழுங்க முடிந்தால் ஊசி தேவையில்லை. மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் உள்ள ஊசி மருந்தையே அளந்து, கொஞ்சம் சிரப்பில் கலந்து வாய்வழியாகக் கொடுப்பது குழந்தைகள் பிரிவுகளில் நெடுநாள் வழக்கம். 6.6 மில்லிகிராம் என்றால் 1.65 மில்லி. ஊசி குத்தினால் குழந்தை அலறும். அலறினால் மூச்சுப் பாதை இன்னும் இறுகும். குரூப்பில் அழ விடாமல் மடியில் வைத்திருப்பதே பாதி வைத்தியம். மருந்து கொடுத்த அரைமணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு முறை கொடுப்பார்கள். முன்னேற்றம் தெரிய ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை தாங்காத குழந்தைக்கு, அதாவது சும்மா இருக்கும்போதே கரகர சத்தமும் நெஞ்சு உள்ளே குழிவதும் உள்ள குழந்தைக்கு, அட்ரினலின் நெபுலைசேஷன் வைப்பார்கள். அது சில நிமிடங்களில் வேலை செய்யும், இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் அட்ரினலின் வைத்த குழந்தையை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குறைந்தது இரண்டு முதல் நான்கு மணி நேரம் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் ஆவி பிடிக்க வைப்பதால் குரூப் குறையாது. வெந்நீர் கொட்டி உடம்பு வெந்துபோகும் ஆபத்துதான் உண்டு. இழுப்புக்கு வைக்கும் சால்புட்டமால் நெபுலைசேஷனும் குரூப்புக்கு உதவாது. அடைப்பு இருப்பது தொண்டையில். அந்த மருந்து வேலை செய்யும் இடம் நுரையீரலின் சின்னக் குழாய்கள்.

எண்ணூர்ச் சிறுமியின் கதை அந்தச் சின்னக் குழாய்களில்தான் நடக்கிறது. ஆஸ்துமாவில் குழாய்ச் சுவரின் தசை இறுகுவது ஒரு பக்கம். சால்புட்டமால் அதை உடனே தளர்த்தும். ஸ்பேசர் வைத்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை நான்கிலிருந்து பத்து பஃப் என்று முதல் ஒரு மணி நேரம் கொடுக்கலாம். சுவருக்குள் இருக்கும் வீக்கமும் சளியும் இன்னொரு பக்கம். அது வடியப் பல நாள் ஆகும். அதைக் குறைப்பது ஸ்டீராய்டு. ஆனால் அதன் பலன் தெரியவே சுமார் நான்கு மணி நேரம் ஆகும் என்பதால் முதல் மணி நேரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். பிரெட்னிசோலோனின் வேலை 12 முதல் 36 மணி நேரத்தில் தீர்ந்துபோவதால் அது தினமும் வேண்டும். கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வீதம், ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், மூன்றிலிருந்து ஐந்து நாள். இந்தச் சிறுமிக்கு 20 மில்லிகிராமில் தொடங்கலாம். ஐந்து நாள் முடிந்ததும் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, அப்படியே நிறுத்தலாம்.

அப்படியானால் அவளுக்கும் டெக்ஸாமெத்தசோனையே கொடுத்தால் நாள் குறையாதா? குறையும். கிலோவுக்கு 0.6 வீதம் ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம், இரண்டு நாள் கொடுத்தால் பிரெட்னிசோலோன் ஐந்து நாளுக்கு ஏறக்குறைய ஈடாகிறது, வாந்தியும் குறைவு. கசப்பு மருந்தை மூன்றாம் நாள் துப்பிவிடும் பிள்ளைக்கு இது பெரிய வசதி. ஒரே வேளையோடு நிறுத்துவதைத்தான் யோசிக்க வேண்டும். டப்ளினில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஒரு வேளை டெக்ஸாமெத்தசோனையும் மூன்று நாள் பிரெட்னிசோலோனையும் ஒப்பிட்டார்கள். நான்காம் நாளில் மூச்சின் நிலை இரு தரப்பிலும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் பிறகு இன்னொரு முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டவர்கள் ஒரு வேளை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதம்; மூன்று நாள் பெற்றவர்களில் சுமார் 4 சதவீதம்தான். மறுநாள் மருத்துவரிடம் திரும்பி வர வாய்ப்புள்ள குடும்பத்துக்கு ஒரு வேளை ஒத்துவரலாம். ஷிப்டு வேலை, மீன்பிடி என்று பெற்றோர் இருவருமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி வர முடியாத வீடு என்றால், நான் இரண்டு நாள் டெக்ஸாமெத்தசோன் பக்கமே சாய்வேன். அதற்கு மேல் டெக்ஸாமெத்தசோனை நீட்டக் கூடாது. உடம்பில் வெகு நேரம் தங்குவதால் பக்கவிளைவு கூடும்.

ஐந்து வயதுக்குள், சளி பிடித்தால் மட்டும் இழுப்பு வரும் குழந்தைகளின் கதை வேறு. அவர்களில் 687 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஐந்து நாள் பிரெட்னிசோலோனால் பலன் தெரியவில்லை. மருத்துவமனையில் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய அளவு கடுமையாக இருந்தால் ஒழிய, அவர்களுக்கு வாய்வழி ஸ்டீராய்டு பழக்கமாகிவிடக் கூடாது.

நடைமுறையில் கணக்கு தவறுவது பெரும்பாலும் பாட்டிலில்தான். பிரெட்னிசோலோன் சிரப் இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது. சாதாரணமானதில் 5 மில்லியில் 5 மில்லிகிராம். ஃபோர்ட் என்று எழுதியிருப்பதில் 5 மில்லியில் 15 மில்லிகிராம். சிறுமிக்கு வேண்டிய 20 மில்லிகிராமுக்கு முதலாவதில் 20 மில்லி, இரண்டாவதில் 6.7 மில்லி ஊற்ற வேண்டும். சீட்டில் "7 மில்லி" என்று மட்டும் இருந்து கடையில் சாதாரணப் பாட்டிலைக் கொடுத்தால், பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு மருந்துதான் போகும். மாறிப்போனால் மூன்று மடங்கு. "மருந்து கேட்கவே இல்லை" என்று மூன்றாம் நாள் வரும் பிள்ளையிடம் முதலில் பார்க்க வேண்டியது பாட்டிலைத்தான். சீட்டில் மில்லியோடு மில்லிகிராமும் எழுதச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை.

வடசென்னைக்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது, காற்று. குரூப்பைக் கொண்டுவருவது வைரஸ். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கோ நிலக்கரி எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும். மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இலேயே கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. இங்குள்ள பிள்ளைக்கு இழுப்பு திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை. இரண்டாவது, 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது போன்ற சம்பவம். அப்படி ஒரு வாயுவைச் சுவாசித்த பிள்ளைக்குக் குரல் கம்மி, மூச்சில் சத்தம் வந்தால் அதைக் குரூப் என்று எண்ணி ஒரு வேளை மருந்தோடு விட்டுவிடக் கூடாது. தொண்டை வெந்து வீங்குவது மணிக்கணக்கில் கூடிக்கொண்டே போகலாம். மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். திடீரென்று எச்சில் வழிய வாயைத் திறந்தபடி உட்காரும் குழந்தை, நிலக்கடலையோ பொம்மைத் துண்டோ வாயில் போட்டபின் திணறும் குழந்தை, உதடு நீலமாகும் குழந்தை, சோர்ந்து மயங்கும் குழந்தை, இழுப்புச் சத்தம் திடீரென நின்றும் மூச்சு வாங்கும் குழந்தை ஆகியோருக்கும் இதே அவசரம்தான்.

ஒரு தடவைக் குறுகிய கால மருந்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் பசி கூடும், பிள்ளை கொஞ்சம் படபடப்பாக இருக்கும், அது போய்விடும். வீட்டிலோ பள்ளியிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்தால் மட்டும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆபத்து எங்கே தொடங்குகிறது என்றால், போன தடவைச் சீட்டைக் காட்டி மருந்துக் கடையிலேயே அடுத்த பாட்டில் வாங்கும்போது. வருடத்துக்கு நான்கைந்து தடவை என்று சேர்ந்தால் எலும்பும் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். அந்தச் சிறுமிக்கு ஐந்து நாளில் போவது 100 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். தினமும் இழுக்கும் புடெசோனைடு இன்ஹேலரில் 200 மைக்ரோகிராம் என்று வைத்தால், அதே எடையைச் சேர்க்க 500 நாள் ஆகும். இரண்டு மருந்தின் வீரியமும் ஒன்றல்ல. ஆனால் இன்ஹேலர் மருந்தின் பெரும்பங்கு வேலை நுரையீரலிலேயே முடிகிறது. ஒரு வருடத்தில் ஒரு தடவை வாய்வழி ஸ்டீராய்டு தேவைப்பட்டாலே, தினசரி இன்ஹேலர் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே இன்ஹேலர் இருந்தும் இழுப்பு வந்தால், அதை ஸ்பேசரோடு எப்படி இழுக்கிறாள் என்று அவர் முன்னாலேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.