பேனா முனையில் ஒரு ஏலம்

வசந்தகாலம் வந்துவிட்டால் அமெரிக்காவின் பல தொடக்கப் பள்ளிகளில் ஒரு சனிக்கிழமை மாலை உடற்பயிற்சிக் கூடத்தின் முகமே மாறிவிடும். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நீளமான மேசைகள், கண்ணாடித் தாள் சுற்றிய பரிசுக் கூடைகள், ஒவ்வொரு கூடையின் முன்னாலும் ஒரு அட்டையில் செருகிய காகிதம், நூலில் கட்டிய பேனா. கையில் குளிர்பானத்தோடு பெற்றோர்கள் சுற்றி வருகிறார்கள். நடப்பது ஏலம்தான். ஆனால் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று யாரும் கூவுவதில்லை. வேண்டிய பொருளின் தாளில் தொகையை எழுதிவிட்டு நகர வேண்டியதுதான்; அதைவிடக் கூடுதலாக இன்னொருவர் எழுதினால், திரும்பி வந்து அதற்கும் மேலே எழுதலாம். நேரம் முடியும்போது யார் தொகை கடைசியாக நிற்கிறதோ, பொருள் அவருக்கு. மௌன ஏலம் என்று பெயர். நடத்துவது பெரும்பாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம்.

இங்கே எல்லாப் பொருளும் நன்கொடையாக வந்தவை. அதனால் விற்பதெல்லாம் லாபம் என்று தோன்றும். ஆனால் 50 டாலர் உணவக அட்டையை 50 டாலருக்கு மேல் கொடுத்து வாங்க அநேகமாக யாரும் முன்வருவதில்லை. 35-இலோ 40-இலோ நின்றுவிடும். கடையில் கிடைக்காத பொருளுக்குத்தான் போட்டி. பட்டமளிப்பு நாளில் முன்வரிசை இருக்கை, ஒரு நாள் தலைமை ஆசிரியராக இருக்கும் வாய்ப்பு, மழலையர் வகுப்புக் குழந்தைகள் எல்லோரும் உள்ளங்கையில் சாயம் தோய்த்துப் பதித்த போர்வை. இந்தப் போர்வைக்காகச் சண்டை போடாத குறையாக நிற்பவர்களில் தாத்தா பாட்டிகளே அதிகம் என்றால் ஆச்சரியமில்லை.

பொருள் எதுவானாலும் அதைப் பற்றி எழுதும் நாலு வரியில்தான் முதல் சிக்கல் முளைக்கிறது. ஒரு பெற்றோர் தங்கள் கடற்கரை வீட்டை இரண்டு இரவுகளுக்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘அழகான கடற்கரை வீட்டில் மறக்க முடியாத விடுமுறை’ என்று எழுதிவிடுவது சுலபம். வென்றவர் ஜூலையில் போகலாம் என்று நினைத்திருப்பார்; கோடைக்காலத்துக்கு வீடு கிடையாது என்பது பிறகு தெரியவரும். பணத்தைத் திருப்பிக் கேட்பார். சங்கத்துக்கும் நன்கொடையாளருக்கும் மனத்தாங்கல். விவரம் தெரிந்தவர்கள் இப்படி எழுதுவார்கள்: ‘இரண்டு இரவுகள், ஆறு பேர் தங்கலாம். திங்கள் முதல் வியாழன் வரை மட்டும். ஜூலை, ஆகஸ்டில் இல்லை. நாய், பூனைக்கு அனுமதி இல்லை. டிசம்பர் 31-க்குள் பயன்படுத்த வேண்டும். சந்தை மதிப்பு 400 டாலர்.’ கவர்ச்சி குறைவுதான், தகராறு வராது. வர்ணனை வேண்டுமானால் நிபந்தனைக்குப் பிறகு ஒரு வரி சேர்க்கலாம்.

சந்தை மதிப்பைப் போடுவது பார்வைக்காக அல்ல. அமெரிக்க வருமானவரித் துறையின் விதிப்படி, ஏலத்தில் கொடுத்த தொகையில் பொருளின் நியாயமான சந்தை மதிப்பைத் தாண்டிய பகுதிதான் நன்கொடையாகக் கருதப்படும். அந்த வீட்டை 340 டாலருக்கு எடுத்தவருக்கு வரிக்கழிவு ஏதும் இல்லை. 520 கொடுத்தவர் 120 டாலரை நன்கொடைக் கணக்கில் காட்டலாம். மதிப்பு முன்கூட்டியே தாளில் இருந்தால், தெரிந்தேதான் அதிகம் கொடுத்தார் என்று காட்ட அது உதவும். இப்படி ஒரு பொருளுக்கு ஈடாக வாங்கும் தொகை 75 டாலரைத் தாண்டினால், பொருளின் மதிப்பைச் சொல்லும் எழுத்துச் சீட்டைச் சங்கம் தந்தாக வேண்டும்.

அடுத்தது ஏலத்தாள். மேலே பொருளின் எண், விவரம், மதிப்பு. கீழே கோடு போட்ட வரிகள். தொடக்கத் தொகையை மதிப்பில் 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைப்பது வழக்கம். கடற்கரை வீட்டுக்கு 160 டாலர் என்று வைக்கலாம். ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐந்தைந்து டாலராகக் கூட்டினால் 160-இலிருந்து 400-ஐத் தொட 49 வரிகள் நிரம்ப வேண்டும். இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் ஒருவர் ஒரே மேசைக்கு மூன்று, நான்கு தடவைக்கு மேல் வரமாட்டார். 20 டாலராக வைத்தால் 13 வரியிலேயே 400 வந்துவிடும்.

அந்தத் தொகைகளை 160, 180, 200 என்று வரிக்கு வரி அச்சிட்டே வைத்துவிடுவது இன்னும் நல்லது. ஏலம் கேட்பவர் தன் எண்ணை மட்டும் எழுதினால் போதும். 180-க்குக் கீழே யாரோ 185 என்று எழுதி, அது செல்லுமா செல்லாதா என்ற வாக்குவாதமே எழாது. பெயருக்குப் பதில் எண் எழுதுவதிலும் காரணம் இருக்கிறது: தோழியின் பெயரைப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் எழுதக் கை கூசும்.

தாளின் அடியில் ‘உடனே வாங்க 600 டாலர்’ என்று ஒரு கட்டம் இருப்பதும் உண்டு. யாராவது அதில் எண்ணை எழுதினால் ஏலம் அங்கேயே முடிந்தது, தாளை எடுத்துவிடுவார்கள்.

உண்மையான சோதனை முடிக்கும் நேரத்தில். எண்பது பொருளையும் எட்டு மணிக்கு ஒரேயடியாக முடித்தால், எண்பது தாளையும் ஒரே நொடியில் யாராலும் கைப்பற்ற முடியாது. ஆகவே மேசைகளை நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். நீல மேசை 7.30, பச்சை 7.45, சிவப்பு 8 மணி. நல்ல பொருள்களைக் கடைசி மேசையில் வைக்க வேண்டும். நீலத்தில் தோற்றவர் கையில் இன்னும் பணம் இருக்கிறது, அவர் சிவப்புக்கு வருவார்.

பத்து நிமிடம், ஐந்து நிமிடம், ஒரு நிமிடம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வருவார்கள். மேசைக்கு இரண்டு தொண்டர்கள், கையில் தடித்த மார்க்கர். இந்த நேரத்தில் சிலர் தாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரோடோ பேசுவதுபோல மறைத்து நிற்பார்கள். ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்று சொல்லத் தயங்காத ஆளைத்தான் அங்கே நிறுத்த வேண்டும். மணி அடித்ததும் தொண்டர் முதலில் செய்யவேண்டியது கடைசி எண்ணுக்குக் கீழே ஒரு கோடு. வட்டம் போடுவதும் தாளை உருவுவதும் அதற்குப் பிறகு. கோடு விழாத தாளில் மணிக்குப் பிறகும் ஒரு கை எழுதிவிடும். மணி அடிக்கும்போது இரண்டு பேர் பேனாவோடு நின்றால்? எழுதிக்கொண்டிருப்பவர் முடிக்கலாமா, அல்லது இருவருக்கிடையே வாயால் ஏலம் நடத்துவதா என்பதை முன்பே முடிவு செய்து, விதிகளில் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசித்தால், யார் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் பாரபட்சம் என்பார்கள்.

இப்போது பல பள்ளிகள் கைப்பேசி வழி ஏலத்துக்கு மாறிவிட்டன. கடைசி நிமிடத்தில் யாராவது தொகையைக் கூட்டினால், சில செயலிகள் முடிவு நேரத்தைத் தானாகவே சற்று நீட்டிக்கும். செலவு கருதிக் காகிதத்திலேயே நிற்கும் பள்ளிகளும் உண்டு.

காகிதமென்றால், தாள்கள் அடியில் நகல் விழும் வகையாக இருப்பது வசதி. ஒரு பிரதி காசாளருக்கு, ஒன்று பொருளோடு, ஒன்று வென்றவர் பார்ப்பதற்கு. ஒருவர் எண்ணை உரக்கப் படிக்க இன்னொருவர் கணினியில் ஏற்றுகிறார்; அவசரத்தில் எழுதிய 7 பார்வைக்கு 1 ஆகிவிடும் என்பதால், படித்தவர் திரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். இதற்கு அரை மணி நேரம் தேவை. அதற்குள் காசாளர் முன் வரிசை கூடாமலிருக்கத்தான் கேக்கும் காபியும் அப்போது பரிமாறப்படுகின்றன. பணம் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் கூடை கைக்கு வரும். வென்றவர் வீட்டுக்குப் போயிருந்தால் அன்றிரவே தொலைபேசியில் அழைப்பார்கள். அவர் வேண்டாம் என்றால் அடுத்த வரிக்காரருக்கு, அவர் எழுதிய தொகைக்கே தருவதாகச் சொல்வார்கள். அதனால்தான் எல்லாக் கணக்கும் தீரும்வரை ஏலத்தாள்களைக் கிழித்துப் போடுவதில்லை.