எட்டு ரூபாயா, பத்து ரூபாயா?

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் கேள்வியை போனில் படம் பிடித்து, ‘இதைப் போட்டுத் தாங்க’ என்று அனுப்புகிறார்கள். நிறுமக் கணக்குக் கேள்வி என்றால், படத்தில் எண்கள் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. கடைசி வரி வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நிறுமம் ஒன்று 10 ரூபாய் பங்குகள் 10,000 வெளியிடுகிறது. விண்ணப்பத்தோடு 2, ஒதுக்கீட்டில் 4, முதல் அழைப்பில் 2, இறுதி அழைப்பில் 2 ரூபாய் செலுத்த வேண்டும். 200 பங்குகள் வைத்திருந்தவர் முதல் அழைப்புப் பணத்தைக் கட்டவில்லை. வரவேண்டிய 20,000 ரூபாயில் 19,600தான் வங்கிக்கு வந்தது. மீதி 400 ரூபாய் அழைப்பு நிலுவைக் கணக்கில் பற்று வைக்கப்படுகிறது.

நிலுவைக்காக உடனே பங்கைப் பறித்துவிட முடியாது. நிறுமத்தின் சங்க நடைமுறை விதிகள் அந்த அதிகாரத்தைத் தந்திருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் மாதிரி விதிகளின்படி, குறைந்தது 14 நாள் அவகாசம் தந்து அறிவிப்பும் அனுப்ப வேண்டும். அப்படியும் அவர் கட்டவில்லை; இறுதி அழைப்பு விடுக்கும் முன்பே பங்குகள் ஒறுப்பிழப்புச் செய்யப்பட்டன.

‘இறுதி அழைப்பு விடுக்கும் முன்பே’ என்ற சொற்கள் படத்தில் விழாவிட்டால் விடை மாறிவிடும். அதுவரை அழைத்தது 8 ரூபாய்தான். எனவே முகமதிப்பான பத்தை எடுத்துக்கொண்டு 2,000 என்று எழுதக் கூடாது. பதிவு இப்படி வரும்:

பங்கு முதல் க/கு ப 1,600
பங்கு ஒறுப்பிழப்பு க/கு 1,200
அழைப்பு நிலுவை க/கு 400

1,200 என்பது அவர் ஏற்கெனவே கட்டிய 6 ரூபாய் வீதம் வந்த தொகை. நிறுமம் அதைத் திருப்பித் தராது. ஆனால் உடனே லாபமாகவும் காட்டாது. பிறகு 9,800 பங்குகளுக்கு மட்டுமே இறுதி அழைப்பு; அதில் வந்தது 19,600 ரூபாய்.

அந்த 200 பங்குகளையும் முழுவதும் செலுத்தப்பட்டவையாக, 7 ரூபாய்க்கு மறுவெளியீடு செய்ததாக வைத்துக்கொள்வோம். வங்கிக்கு 1,400 வரும். குறையும் 600, ஒறுப்பிழப்புக் கணக்கிலிருந்து பற்று வைக்கப்படும். பங்கு முதல் கணக்கில் 2,000 வரவு. இந்தத் தள்ளுபடி, ஒறுப்பிழப்புத் தொகையைத் தாண்டக் கூடாது. அதில் எஞ்சிய 600 முதலினக் காப்புக்குப் போகும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. வங்கிக்கு வந்த 20,000, 40,000, 19,600, 19,600, 1,400 ஆகியவற்றைக் கூட்டினால் 1,00,600. பங்கு முதல் 1,00,000, முதலினக் காப்பு 600, அதுவும் 1,00,600. பொருந்தவில்லை என்றால், ஒறுப்பிழப்புப் பதிவில் எட்டுக்குப் பதில் பத்து புகுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.