பேசாத பேயை வானொலியில் எப்படி உட்கார வைப்பது?

மேக்பெத் நாடகத்தின் தமிழ் மேடைப் பிரதி ஒன்றை வானொலிக்காக மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். விருந்துக் காட்சியில் வசமாக மாட்டிக்கொண்டேன். கொலையான பாங்க்கோவின் ஆவி வந்து மேக்பெத்தின் இருக்கையில் உட்காருகிறது. அதற்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. வானொலியில் பேசாதவன் இல்லாதவன்தானே!

ஆவியை மேக்பெத் பார்த்துவிட்ட பிறகு பிரச்சினை இல்லை. ரத்தம் தோய்ந்த தலைமுடியை என்னிடம் ஆட்டாதே என்று அவனே அலறுகிறான். நாற்காலியைத்தான் வெறித்துப் பார்க்கிறாய் என்று மனைவி கடிந்துகொள்கிறாள். பார்க்க வேண்டியதெல்லாம் வசனத்திலேயே வந்துவிடுகிறது.

சிக்கல் அதற்கு முன்னால்தான். 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில், பாங்க்கோ இங்கே இல்லையே என்று மேக்பெத் விருந்தினரிடம் போலியாக வருந்துவதற்கு முன்பே ஆவி வந்து உட்கார்ந்துவிடுகிறது. மேடையில் பார்வையாளருக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தச் சில வரிகளின் பதைபதைப்பு வானொலியில் அப்படியே காணாமல் போய்விடும்.

முதலில் ஊளையிடும் காற்றைப் போட்டேன். கேட்ட நண்பர் சிரித்துவிட்டார். அடுத்து, "இதோ ஆவி நுழைகிறது" என்று ஒரு அறிவிப்பாளர் குரல். தகவல் வந்தது, பயம் போய்விட்டது.

பிறகுதான் ஒன்று புரிந்தது. ஆவிக்குப் புதிதாக ஒரு ஒலி தேடக்கூடாது. பாங்க்கோ உயிரோடு இருக்கும்போதே அவனுக்கென்று ஒரு ஒலியைக் கொடுத்துவிட வேண்டும். அவன் நடக்கும்போது வாளுறை கச்சையில் மோதும் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தேன். தோல் பெல்ட்டில் சாவிக்கொத்தைத் தட்டினால் போதும். விருந்தில் அதே சத்தம் நாலு அடி நெருங்கி வரும், ஒரு நாற்காலி இழுபடும். மேக்பெத் பேசிக்கொண்டே இருப்பான்.

முதல் ஒத்திகையில் இதுவும் சரியா வரல. யாரோ தட்டை வைக்கிறாங்கன்னு நினைச்சேன் என்றார் அதே நண்பர். காரணம் இரண்டு. முன்காட்சிகளில் அந்த ஒலியை ஒரே ஒரு தடவைதான், அதுவும் வசனத்துக்கு அடியில் வைத்திருந்தேன். விருந்திலோ தட்டும் கோப்பையும் உலோகம்; எல்லாமே ஒரே கலகலப்பு.

திருத்தம் சுலபம்தான். சூனியக்காரிகளைச் சந்திக்கும் காட்சி, நள்ளிரவு முற்றம், குதிரைச் சவாரிக்கு விடைபெறும் காட்சி என மூன்று இடங்களில், பாங்க்கோ வாய் திறப்பதற்கு முன் அந்த ஒலி மட்டும் தனியாகக் கேட்கும்படி வைத்தேன். விருந்தில் மரக் கோப்பைகளுக்கு மாறினேன். உலோகச் சத்தம் ஒன்றே ஒன்றுதான், அது அவனுடையது. இம்முறை நாற்காலி இழுபட்டதுமே நண்பர், "ஐயோ, வந்துட்டான்" என்றார்.

ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. பாதியில் வானொலியைத் திருப்புகிறவருக்கு அந்தச் சத்தம் வெறும் சத்தம்தான். மேக்பெத் அலறும்வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான்.